நாற்பத்து மூன்றாவது முத்து

அந்த வீட்டில் கடை நடத்த அனுமதி உண்டு. கடை நடப்பது யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். மாமியார் போட்ட ஒப்பந்தம் இது. முப்பது வருஷம் கடைவீதியில் பாத்திரக்கடை கல்லாவில் உட்கார்ந்து, தேய்ந்த கரண்டியைக்கூட "கனம் பாருங்க" என்று சொல்லி விற்றவள் அவள். பேச்சுக்குப் பேச்சு எடை போட்டுத்தான் கொடுப்பாள்.

"சாப்பாட்டு மேஜை உனக்கு, சாப்பாடு எடுத்து வெச்ச பிறகு. பிள்ளைங்க நாலரைக்கு வந்தா மேஜை அதுங்களுக்கு. நடுவுல மூணு மணி நேரம் உன்னுது. சத்தம் கூடாது. வாடிக்கைக்காரங்க கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு புகார் வந்தா பொறுத்துக்குவேன். ரெண்டு வந்தா பல்லைக் கடிச்சுக்குவேன். மூணு வந்தா பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்ருவேன். சரியா?"

"சரி அத்தை," என்றாள் சின்னவள். வேறு என்ன சொல்ல? தனி அறை கேட்கலாமென்றால் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியாரும் கல்யாணமாகாத நாத்தனாரும். இன்னொன்றில் மூத்தார், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். சின்னவளும் அவள் புருஷனும் ராத்திரியானால் கூடத்தில் பாய் விரித்து, காலையில் சுருட்டி வைப்பவர்கள். சுருட்டி வைத்த பாய்க்கு இருக்கும் இடம்கூடச் சின்னவளின் தொழிலுக்குக் கிடையாது.

தொழில் என்ன? அறுந்த முத்துமாலையை மறுபடி கோப்பது. கேட்டால் சும்மா ஊசியும் நூலும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு விழவேண்டும்; முத்தை ஒட்டி, மயிரிழை இடைவெளி இல்லாமல். முடிச்சு இருந்தால்தான் முத்தும் முத்தும் உரசாது. மாலை அறுந்தாலும் ஒன்றுதான் உருளும், மற்றது கழுத்திலேயே நிற்கும். கை நடுங்கினால் முடிச்சு பாதி வழியில் இறுகிவிடும். பட்டு நூலில் இறுகின முடிச்சை அவிழ்ப்பதும் கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்துவதும் ஒன்று.

சத்தம் கூடாது என்பதில் மாமியாரின் அதிகாரம் மட்டும் இல்லை. மூத்தாருக்கு ரொட்டிக்கூடத்தில் ராத்திரி வேலை. காலை எட்டு மணிக்கு மாவு வாசனையோடு வந்து, பத்துக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்திருப்பார். போன வருஷம் பக்கத்து வீட்டில் தரை பெயர்த்த பத்து நாளும் தூக்கமில்லாமல் போய், அடுப்பு வாயில் கண் சொக்கி, இடது முன்கையைச் சுட்டுக்கொண்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் இன்னும் பளபளவென்று இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் கரண்டியைக்கூடக் கீழே வைக்க யோசிப்பார்கள். அவர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது, மரத்தட்டி. தட்டிக்கு மேலே இரண்டடி வெளி. கதவுக்குப் பதில் திரை. கூடத்தில் தும்மினால் உள்ளே போர்வை அசையும்.

ஆகவே சின்னவள் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தை நெரித்தாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினாள். மேஜைமேல் கம்பளி. கீழே பழைய ரஜாய், நாலாக மடித்து. கைபேசி, பஞ்சுத் தலையணைக்கு நடுவில். கத்தரிக்கோலுக்குப் பதில் நகவெட்டி, அதையும் முந்தானைக்குள் வைத்து அழுத்துவாள். மருமகள் வந்த புதிதில் பேசமாட்டாள் என்பார்கள். இவள் மூன்று வருஷமாகியும் சைகையில்தான் குடும்பம் நடத்தினாள்.

இவ்வளவு செய்தும் இரண்டு புகார் விழுந்துவிட்டது. ஒரு வாடிக்கைக்காரி அழைப்பு மணியை அடித்தது ஒன்று. சின்னவளே தும்மியது இன்னொன்று. இரண்டையும் கொண்டுபோய் மாமியார் காதில் போட்டவள் பெரியவள், மூத்தாரின் மனைவி. புருஷன் தூங்குகிற ஆறரை மணி நேரமும் உள்ளேயே கட்டில் ஓரத்தில் காவல் இருப்பாள். தூங்குகிறவரைவிட அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்கே களைப்பு அதிகம்.

அன்றைக்கு மேஜைமேல் இருந்தது பல் டாக்டரம்மாவின் மாலை. அவளுடைய அம்மா போட்டது. அறுபத்தோரு முத்து, நடுவில் பெரியது, இரு பக்கமும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதில் எதையும் இடம் மாற்றிப் போட முடியாது. வாங்கும்போதே கேட்டருகே நின்று டாக்டரம்மா எதிரில் எண்ணி, படம் எடுத்து, சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மாலை மகள் கழுத்துக்கு. நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

ஒன்றரைக்கு உட்கார்ந்தாள். நாற்பது முத்து கோத்து முடிச்சிட்டு, கழுத்து வலிக்க நிமிர்ந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம். பள்ளம் போட்ட பலகையில் மீதி வரிசையாக நின்றது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, அப்புறம் ஒரு பல் விழுந்த இடம். அதற்கப்புறம் நாற்பத்து நாலு.

மறுபடி எண்ணினாள். இருபத்தொன்று இருக்கவேண்டிய இடத்தில் இருபது. நாற்பத்து மூன்றாவதைக் காணோம்.

வெறும் தரையாக இருந்தால் விழுந்தவுடன் டிக் டிக் என்று தன் விலாசத்தைச் சொல்லிக்கொண்டே போயிருக்கும். இவளோ விழுகிற பொருளுக்கெல்லாம் மெத்தை போட்டு வைத்திருக்கிறாள். எப்போது விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது, ஒன்றும் தெரியாது. சத்தத்தை ஒழித்த சாமர்த்தியத்தில் சாட்சியையும் ஒழித்துவிட்டாள்.

இறங்கி, மேஜையடியில் குப்புறப் படுத்தாள். கைபேசி விளக்கைத் தரையோடு தரையாக வைத்தாள். அப்படி வைத்தால் கடுகுக்குக்கூட நீள நிழல் விழும். ஒரு சோற்றுப் பருக்கைக்கு நிழல் விழுந்தது. ஒரு பென்சில் முனைக்கு விழுந்தது. முத்துக்கு விழவில்லை. ரஜாயை மடிப்பு மடிப்பாகத் தடவினாள். காலுறைகளை விரலால் துழாவினாள். கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றேகாலாகிவிட்டது.

பெட்டியில் அதே அளவில் கண்ணாடி முத்து ஒன்று இருந்தது. பளபளப்பும் கிட்டத்தட்ட அதேதான். வைத்துக் கோத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பல்லில் உரசிப் பார்த்தால்தான் தெரியும்: அசல் மணல்போல நறநறக்கும், போலி வழுக்கும். யார் பல்லில் உரசிப் பார்க்கப்போகிறார்கள்? வருகிறவளோ பல் டாக்டர். தவிர, மாமியார் சொல்லி வைத்திருந்தாள்: "ஒரு தடவை ஏமாத்தினா ஒரு தடவை விக்கலாம்." கண்ணாடி முத்தைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அப்போதுதான் துணிக்கூடை நினைவுக்கு வந்தது. இரண்டேகால் வாக்கில் பெரியவள் கொடியிலிருந்து எடுத்த துணிக்கூடையோடு வந்து, அதை மேஜையோரம் தரையில் வைத்து, ஜாடியிலிருந்து தண்ணீர் குடித்தாள். போகும்போது அவள் இடுப்பு மேஜை முனையில் இடித்தது. பலகை ஆடியது. இவள் முடிச்சு நழுவாமல் பிடிப்பதிலேயே குறியாக இருந்தாள். கூடை நேரே உள்ளே போயிற்று. தூங்குகிறவர் அறைக்குள்.

உள்ளே இவள் போகமுடியாது. கூப்பிடவும் முடியாது. ஒரு சீட்டில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளினாள்: "அக்கா, பின்பக்கம் வாங்க. அவசரம்."

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே, இரண்டு திருடிகள் பங்கு பிரிப்பதுபோல நின்றார்கள்.

"என்னடி?" மூச்சுக்காற்றில் கேட்டாள் பெரியவள்.

"ஒரு முத்து உங்க துணிக்கூடையில விழுந்திருக்கும்போல. கூடையை மட்டும் எடுத்துட்டு வாங்கக்கா."

"அவரு நாலரைக்கு எந்திரிப்பாரு. அப்ப பாத்துக்கலாம்."

"நாலு மணிக்கு அந்தம்மா வந்துருவாங்க."

"வரட்டும். முத்து முக்கியமா, மனுஷன் கை முக்கியமா?"

"மனுஷன் கைதான் முக்கியம். அதனாலதான் நான் உள்ள வரல. வாசல்லேர்ந்து கத்தல. உங்களைக் கேக்கறேன். சத்தமில்லாம அந்த ரூமுக்குள்ள நடக்கத் தெரிஞ்சவங்க உங்களை விட்டா யாரு?"

பெரியவள் கல்லைப் பார்த்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்: "எடுத்துக் குடுத்தா எனக்கு என்ன?"

வியாபாரம் ஆரம்பித்துவிட்டது என்று சின்னவளுக்குப் புரிந்தது. "என்ன வேணும்?"

"ஆறரை மணி நேரம். தினம். அந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்துக்கிட்டு அவரு குறட்டையை எண்ணிக்கிட்டு இருக்கேன். தட்டி இடுக்கு வழியா உன் விரலைத்தான் பாக்கறேன். முடிச்சைப் போட்டு, ஊசியால தள்ளிக்கிட்டே போயி, முத்துகிட்ட விடறே. இந்நேரம் எனக்கே பாதி வந்துருச்சு. ஒரு நாளாவது 'வாக்கா, உக்காரு'ன்னு கூப்பிட்டியா நீ?"

"கூப்பிட்டா பேச்சு வருமே. பேச்சு வந்தா..."

"பேசாம கூப்பிடத்தான் உனக்கு நல்லாத் தெரியுமே."

"ரெண்டு புகார் குடுத்தது நீங்கதானேக்கா."

"ஆமா. வேற எப்படி உன் மேஜைல என் பேர் அடிபடும்?"

இதற்கு நாளைக்கு உட்கார்ந்து சிரித்துக்கொள்ளலாம். இப்போது நேரமில்லை. "மேஜைல எதிர்ப்பக்கம் உங்களுக்கு. முதல்ல கண்ணாடி மணில பழகுங்க. கை பதிஞ்சதும் பாதி மாலை உங்களுது, பாதி எனக்கு."

"எழுதிக் குடு."

"அக்கா!"

"சரி, சும்மா கேட்டேன்." பெரியவள் புடவையை இழுத்துச் செருகினாள். "நீ திரை கிட்ட நில்லு. மூச்சு விடாதே."

கூடை வந்தது. ரஜாய்மேல் இருவரும் மண்டிபோட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக விரித்தார்கள். பிள்ளைகளின் சீருடை. பையைத் திருப்பினார்கள். ரொட்டிக்கூடத்து வெள்ளைச் சட்டை. கை மடிப்பைப் பிரித்தார்கள். பாவாடை, தலையணை உறை, ஒற்றைக் கைக்குட்டை. கூடை காலியாயிற்று. முத்து இல்லை.

மூன்று முப்பத்தைந்து.

பெரியவள் வாயில் கை வைத்தாள். "துண்டு," என்றாள்.

"எந்தத் துண்டு?"

"கூடைல மேல இருந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்துல அடிக்குதுன்னு மடிச்சபடியே அவரு கண்ணு மேல போட்டேன்."

இருவரும் தட்டியைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் குறட்டை, மெதுவாக ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கார் வந்து நின்ற சத்தம். பேசின நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னதாக! சின்னவளுக்குக் கால் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கூடத்து மூலையில் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த மாமியார், கண்ணைத் திறக்காமலே விரலைச் சொடுக்குவதுபோல் சைகை காட்டினாள். இத்தனை நேரமும் விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.

"எல்லாம் கேட்டுது," என்றாள் காற்றில். "எத்தனை நேரம் வேணும்?"

"முத்து கிடைச்சா... நாப்பது நிமிஷம் அத்தை."

"அரை மணி தர்றேன். அதுக்கு மேல நின்னா மரியாதை போயிரும்." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு கேட்டை நோக்கி நடந்தாள். கையை ஹாரன்மேல் வைத்திருந்த டிரைவரை நோக்கி அவள் வாயசைத்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு கோவிலில் உட்கார்ந்தவன்போல் ஆகிவிட்டான்.

பெரியவள் திரைக்குள் நுழைந்தாள். சின்னவள் தட்டியில் காதை வைத்தாள். அடி எடுத்து வைக்கும் ஓசைகூட வரவில்லை. குறட்டை ஏறியது. நின்றது. இறங்கவில்லை.

"ம்... மணி என்ன?" கரகரத்த குரல்.

சின்னவள் கண்ணை இறுக மூடினாள்.

"ரெண்டுதான் ஆவுது," என்றாள் பெரியவள், பிள்ளையைத் தட்டுவதுபோல. "துண்டு ஈரமா இருக்கு. வேற போடறேன். தூங்குங்க."

"ரெண்டா? நல்லாத் தூங்கின மாதிரி இருக்கே."

"கனவுல தூங்கியிருப்பீங்க."

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு நிமிஷம், இன்னொரு நிமிஷம். பிறகு, அடைத்த குழாயில் தண்ணீர் திறந்ததுபோலக் குறட்டை மறுபடி ஏறியது.

பெரியவள் வெளியே வந்தாள். துண்டை இரண்டு கையிலும் கிண்ணம்போல ஏந்தியிருந்தாள். ரஜாய்மேல் இறக்கி மடிப்பைத் திறந்தாள். இரண்டாவது மடிப்பில், பஞ்சு நூல்களுக்கு நடுவே, கருவிழி இல்லாத கண்ணைப்போல அது உட்கார்ந்திருந்தது. சின்னவள் எடுத்துப் பல்லில் லேசாக உரசினாள். நறநற.

மூன்று நாற்பத்து மூன்று.

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. முடிச்சை வளையமாக விட்டு, ஊசி முனையை அதற்குள் வைத்து, முத்தின் தோளுக்குக் கொண்டுபோய், ஊசியை உருவி, நகத்தால் நெருக்கினாள். எதிரே பெரியவள், சொல்லாமலே, அடுத்த முத்தைப் பலகையிலிருந்து விரல்நுனியில் எடுத்துத் தயாராக நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் என்றிருந்தது ஒன்றேகால் நிமிஷமாயிற்று. நாற்பத்தொன்பதில் ஒரு முடிச்சு முத்தை எட்டுமுன் பாதியில் இறுகத் தொடங்கியது. சின்னவளின் கை நின்றது. இழுத்தால் போயிற்று. ஊசி முனையை முடிச்சின் நடுவில் நுழைத்து, இரண்டு இழையையும் மெல்ல மெல்லப் பிரித்தாள். நெற்றி வியர்வை கம்பளியில் விழுந்தது. அதுவும் சத்தமில்லாமல். முடிச்சு இளகிற்று, முத்தருகே போய்ச் சேர்ந்தது.

கேட்டுப் பக்கமிருந்து மாமியார் குரல் விட்டுவிட்டு வந்தது. ரகசியக் குரலில் விற்பனை.

"உங்க மாலையை அவசரத்துல வாங்கிட்டுப் போவீங்களா, அழகா வாங்கிட்டுப் போவீங்களா? ...இல்ல டாக்டரம்மா, உள்ள கூப்பிடறதுல எங்களுக்குக் கஷ்டமில்ல, ராத்திரி வேலைக்காரர் தூங்கறாரு... உங்க கிட்ட வாய் பிளந்து உக்காந்திருக்கறவன் பக்கத்துல யாராவது கத்தினா நீங்க விடுவீங்களா?"

"சரி, நாலு மணின்னுதானே சொன்னீங்க, அதுக்கு..."

"நீங்கதான் மூணு நாப்பதுக்கே வந்துட்டீங்க. அந்த இருபது நிமிஷம் உங்க கணக்கு. மீதி எங்க கணக்கு. என் கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது, பாத்துச் சொல்லுங்களேன், நின்னுக்கிட்டே."

பெரியவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடுத்த முத்தை நீட்டினாள்.

கடைசி மூன்று முத்துக்கு நடுவில் முடிச்சு போடவில்லை. நூல் திரும்பி வர வழி வேண்டும். நூலின் நுனியில் மெல்லிய சுருள்கம்பிக் குழலை மாட்டி, கொக்கியின் வளையத்தில் விட்டு, வந்த வழியே திரும்பிக் கடைசி முத்துக்குள் நுழைத்தாள். நடுநடுவே முடிச்சிட்டு இழுத்ததும் குழல் வளைந்து கொக்கியைப் பற்றிக்கொண்டது. கடைசி முடிச்சில் ஊசிமுனை பசை. நகவெட்டியை முந்தானைக்குள் வைத்து நூலைக் கத்தரித்தாள். அறுபத்தொன்று என்று விரலால் எண்ணி, பெரியவளும் தனியாக எண்ணி, இருவரும் ஒரே எண்ணைச் சொன்னபோது மணி நாலேகால்.

கேட்டில் டாக்டரம்மா மாலையைக் கையில் வழியவிட்டுப் பார்த்தாள். பிறகு, தொழில் பழக்கமோ என்னவோ, முத்துகளை ஒவ்வொன்றாக முன்பல்லில் உரசிக்கொண்டே வந்தாள். நாற்பத்து மூன்றாவதைக் கடக்கும்வரை சின்னவள் மூச்சு விடவில்லை. அது அசல்தான் என்று தெரிந்தும் விடவில்லை.

"பசை காயட்டும்மா. நாளைக்குக் காலைல போடுங்க," என்றாள். "அப்புறம், லேட்டானதுக்குக் காரணம் சொல்லிடறேன். ஒரு முத்து விழுந்துடுச்சு. தேடி எடுத்துத்தான் கோத்தேன்."

மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தாள்: கேட்காததைச் சொல்லுவியா நீ? டாக்டரம்மாவும் ஒரு பார்வை பார்த்தாள். "தொலைஞ்சா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். அழுதுக்கிட்டே."

"எங்க அக்காவுதும் ரெண்டு இருக்கு. அடுத்த வாரம் தர்றேன்," என்று டாக்டரம்மா காரில் ஏறினாள். கார் திரும்பியது. அரை மணி நேரம் கையைக் கட்டிப்போட்ட டிரைவர், தெருமுனையில் ஒரு மாட்டைப் பார்த்ததும், சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் ஹாரனில் இறக்கினான்.

அதற்குள் கூடத்துக்குத் திரும்பியிருந்த மூன்று பெண்களும் அங்கேயே சிலையானார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. திரை விலகி, தலை கலைந்து, மூத்தார் கூடத்துக்கு வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டுன்னு சொன்னியே?"

"அப்ப ரெண்டா இருந்துச்சு."

"யாரு ஹாரன் அடிச்சது?"

மூன்றாவது புகார் இதோ, காலில் செருப்பில்லாமல் கூடத்தில் நிற்கிறது. பெட்டி மேஜைமேல், பரண் தலைக்குமேல். சின்னவள் பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"நம்ம வாடிக்கை," என்றாள் பெரியவள்.

"நமக்கு ஏது வாடிக்கை?"

"இன்னைலேர்ந்து இருக்கு. நீங்க பத்து நிமிஷம் குறைச்சுத் தூங்கினதுக்கு நாளைக்குப் பத்து நிமிஷம் சேத்துத் தூங்குங்க. நானே கடிகாரத்தைப் பாத்துக்கறேன்."

மாமியார் சாய்வு நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். ஆடும் பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டே, கல்லாவில் உட்கார்ந்த குரலில் கேட்டாள்: "சரி. இப்ப இதைப் புகார்னு எழுதறதா, வேணாமா? புகார் இருக்கறவங்க கையைத் தூக்குங்க."

மூத்தார் வாயைப் பிளந்து, தழும்பு பளபளக்கும் கையை உயரத் தூக்கினார்.

மூன்று பெண்களும் அந்தக் கையையே பார்த்தார்கள். கொட்டாவி பாதியில் நின்றது. கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சோம்பல் முறிக்கக்கூட விடமாட்டீங்களா இந்த வீட்டுல?" என்றார் அவர்.

"முறிங்க," என்றாள் பெரியவள், சின்னவளுக்கு எதிர்ப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "சத்தமில்லாம முறிங்க."